திரும்பி வந்த அம்புக்குறி

ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் தொழிற்புரட்சிக்குக் கருத்து வரைபடம். எல்லா அம்புகளும் காரணத்திலிருந்து விளைவுக்கு நேராக ஓடின.

ஒரு மாணவி மட்டும் ‘நீராவி எந்திரம்’ கட்டத்திலிருந்து ‘நிலக்கரிச் சுரங்கம்’ கட்டத்துக்கே ஓர் அம்பைத் திருப்பினாள்.

சரிதான். 1712இல் தாமஸ் நியூகோமனின் நீராவி எந்திரம் வந்ததே சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்கத்தான். நீர் வற்றியதும் இன்னும் ஆழத்தில் கரி வெட்டினார்கள்.

ஆனால் அந்த எந்திரம் கரியை அசுரத்தனமாகத் தின்றது. கரி மலிவாகக் கிடைத்த சுரங்க வாசலில்தான் கட்டுப்படியாகும்.

1769இல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை பெற்ற, நீராவியைத் தனியே குளிர்விக்கும் குளிர்கலன் எரிபொருள் செலவை வெகுவாகக் குறைத்தது. கரி விலை அதிகமான இங்கிலாந்தின் கார்ன்வால் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களும் அந்த எந்திரத்தை வாங்கின.

அப்புறம் அம்பின்மேல் ஒரு வினைச்சொல் எழுதச் சொன்னேன். ‘இறைத்தது’ என்று எழுதினாள். வெறும் அம்பு எதையும் விளக்காது!