கம்பெனி கார்டுக்கு மாறினோம்: கார்டு எதைத் தடுக்கிறது, எதைத் தடுப்பதில்லை

சென்னையில் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். ஊழியர்கள் சொந்தக் காசைப் போட்டுச் செலவு செய்து, மாதக் கடைசியில் பில்களை ஒட்டிக் கொடுத்துப் பணம் திரும்ப வாங்கும் பழைய முறையை விட்டுவிட்டு, வெளியூர் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு கம்பெனி கார்டு, மென்பொருள் சந்தாக்களுக்குத் தனித்தனி விர்ச்சுவல் கார்டு என்று மாறினோம். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். கார்டு நிறுவனக்காரர்கள் காட்டும் டெமோவில் எல்லாச் செலவும் தானாக விதிக்குள் அடங்கி, தானாக ரிப்போர்ட் ஆகிவிடும். நிஜத்தில் அதில் பாதி நடக்கிறது, மீதிப் பாதியை நாம்தான் கட்ட வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடையில் கார்டைத் தேய்த்த அந்த ஓரிரு நொடியில், கார்டு கொடுத்த வங்கிக்கு வந்து சேரும் தகவல் ரொம்பக் கொஞ்சம். எவ்வளவு தொகை, எந்த நாணயம், கடையின் பெயர், அடையாள எண், ஊர், நாடு, நேரில் தேய்த்ததா ஆன்லைனா, அப்புறம் கடையின் தொழிலைச் சொல்லும் நான்கு இலக்க எண்ணான எம்சிசி. அவ்வளவுதான். பில்லில் என்னென்ன பொருள் இருக்கிறது என்பது அங்கே போவதே இல்லை. சூப்பர் மார்க்கெட்டுக்கு 5411 என்றால், ஆபீசுக்கு வாங்கிய காபித்தூளும் வீட்டுக்கு வாங்கிய அரிசியும் கார்டின் கண்ணுக்கு ஒன்றுதான். ஆக, கார்டில் போடும் விதி எதுவானாலும் இந்தச் சில தகவல்களை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். "வாடிக்கையாளரோடு சாப்பிட்டால் சரி, தனியாகச் சாப்பிட்டால் கூடாது" என்ற விதியைக் கார்டில் போடவே முடியாது, அதை ரிப்போர்ட்டில்தான் பார்க்க வேண்டும்.

எம்சிசி கடையைச் சொல்கிறது, வாங்கியதைச் சொல்வதில்லை என்பது எங்கள் விற்பனைப் பிரிவில் சீக்கிரமே தெரிந்தது. அவர்கள் கார்டில் உணவகங்களுக்கான 5812, துரித உணவுக்கான 5814 இரண்டையும் திறந்து, தங்கும் விடுதிக்கான 7011-ஐ மூடியிருந்தோம், ஏனென்றால் அறையை டிராவல் டெஸ்க்தான் போடும். ஒருவர் வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டு ஒரு பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டில் சாப்பிட்டார். அங்கே பில் போடும் மெஷின் ஹோட்டலின் பெயரிலேயே, 7011 என்று பதிவாகியிருந்ததால் கார்டு மறுத்துவிட்டது. வாடிக்கையாளர் எதிரில் அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்! டாஷ்போர்டில் மறுப்புக்கான காரணமும் எம்சிசியும் சேர்ந்தே தெரிந்ததால் விஷயம் உடனே புரிந்தது. அதன்பிறகு "இவை மட்டும் அனுமதி" என்ற பட்டியலையே எடுத்துவிட்டோம். ஏடிஎம் பணம், சூதாட்டம், நகைக்கடை மாதிரி எந்த நிலையிலும் தேவைப்படாத சிலவற்றை மட்டும் மூடினோம், மற்றதைத் தொகை வரம்பு பார்த்துக்கொள்கிறது. என் கருத்தில், எம்சிசியை நம்பி நுணுக்கமான விதி எழுதுவது வீண் வேலை. தொகை வரம்பு ஒருநாளும் குழப்பம் செய்வதில்லை.

விர்ச்சுவல் கார்டு இதைவிட நன்றாக வேலை செய்கிறது. பிளாஸ்டிக் எதுவும் கிடையாது, எண்ணும் காலாவதித் தேதியும் சிவிவியும் மட்டும்தான். ஒரு சந்தாவுக்கு ஒரு கார்டு என்று உருவாக்கி, மாத வரம்பு வைத்து, ஒரே வணிகருக்குப் பூட்டிவிடலாம். அந்த எண் வேறெங்காவது கசிந்தாலும் வேறு கடையில் செல்லாது, சந்தா வேண்டாமென்றால் அந்தக் கார்டை மட்டும் மூடினால் போதும். வேலையை விட்டுப் போனவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்த சந்தாக்கள் எங்களிடம் கண்ணுக்குத் தெரிய வந்ததே இப்படித்தான்.

இதில் இரண்டு இடங்களில் மட்டும் கவனமாக இருங்கள். ஒருமுறை மட்டும் செல்லும் வகை விர்ச்சுவல் கார்டு ஒன்று உண்டு. சில வெளிநாட்டுத் தளங்கள் கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு டாலருக்குச் சும்மா அனுமதி கேட்டு, அப்புறம்தான் உண்மையான தொகையைக் கேட்கும். சில கார்டுகளில் அந்த ஒரு டாலரிலேயே "ஒருமுறை" தீர்ந்துபோய், உண்மையான கட்டணம் மறுக்கப்படும். ஒரு டாலர் அனுமதி, அதைத் தொட்டே ஒரு மறுப்பு என்று இரண்டு வரி தெரிந்தால் இதுதான் காரணம். அப்படிப்பட்ட தளத்துக்குச் சாதாரண விர்ச்சுவல் கார்டைக் குறைந்த வரம்போடு கொடுங்கள். இன்னொன்று ஓடிபி. ரிசர்வ் வங்கியின் தொடர்கட்டண விதிப்படி, பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேல் போகும் கட்டணத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும். எங்கள் கார்டில் அது கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கைபேசிக்குத்தான் போனது, அவர் லீவில் இருந்தால் சந்தா நின்றுவிடும். அதனால் பெரிய சந்தாக்களுக்கான கார்டுகளை, எப்போதும் தொடர்பில் இருக்கும் ஒருவர் பெயருக்கு மாற்றினோம்.

இனி ரிப்போர்ட். ஒரு டிசைன் மென்பொருளுக்கு மாதம் 120 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்ட அன்று டாலர் 86 ரூபாய் என்றால் 10,320 ரூபாய்க்கு ஒப்புதல் ஆகிறது. வரம்பைச் சரிபார்ப்பது இந்தத் தொகையை வைத்துத்தான். ஸ்டேட்மெண்டில் வரும்போது வெளிநாட்டு நாணயத்துக்காக வங்கி கூடுதலாக எடுக்கும் அன்னியச் செலாவணி மார்க்கப் 3.5 சதவீதம், அதாவது 361 ரூபாய் 20 காசு, தனி வரியாக வரும். அந்த மார்க்கப் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 65 ரூபாய் 2 காசு இன்னொரு வரி. பணம் உண்மையில் கடைக்குப் போய்க் கணக்கு முடியும் செட்டில்மெண்ட் அன்று டாலர் விலை மாறியிருந்தால் முதல் வரியே 10,320 ஆக இருக்காது. ஆக ஊழியர் போட்ட ரசீதில் 120 டாலர், நம் கையில் மூன்று வரிகள், கூட்டினால் ஏறக்குறைய 10,746. ரசீதோடு ரூபாயை ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது. டாலர் தொகையை டாலர் தொகையோடு ஒப்பிடச் சொல்லி மென்பொருளில் அமைத்ததும் பொருத்தம் தானாக நடந்தது. மார்க்கப்பும் அதன் ஜிஎஸ்டியும் வங்கிக் கட்டணக் கணக்குக்குப் போகின்றன, டிசைன் பிரிவின் பட்ஜெட்டில் அவற்றைச் சேர்ப்பதில்லை.

அதிகமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டது ஹோட்டல் விஷயத்தில்தான். எங்கள் ஆள் ஒருவர் பெங்களூர் போய்த் தங்கினார், விடுதிக்கான எண்ணை அந்தக் கார்டில் திறந்துவிட்டிருந்தோம், வார வரம்பு 20,000 ரூபாய். உள்ளே நுழையும்போது விடுதி 12,000 ரூபாயைப் பிடித்துவைத்தது. இது செலவு கிடையாது, வெறும் ஹோல்ட். கிளம்பும்போது பில் 9,870 ரூபாய். விடுதிக்காரர்கள் பிடித்துவைத்த அந்த 12,000-த்திலிருந்தே 9,870-ஐ முடித்திருக்க வேண்டும். ரிசெப்ஷனில் இருந்தவர் கார்டைப் புதிதாகத் தேய்த்துவிட்டார். அது வரம்பைத் தாண்டுவதால் மறுக்கப்பட, எங்கள் ஆள் போன் செய்தார்: "சார், வரம்பில் இன்னும் இடம் இருக்கிறது, ஆனால் கார்டு போக மாட்டேன் என்கிறது." 12,000 ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது, மிச்சம் 8,000 தானே. நாங்கள் இங்கிருந்து வரம்பைத் தற்காலிகமாக உயர்த்தியதும் பில் போய்விட்டது.

கதை அதோடு முடியவில்லை. எங்கள் செலவு மென்பொருள் அனுமதி வந்த உடனேயே ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் போட்டுவிடும், ஆகவே ஒரே தங்கலுக்கு 12,000 ஒரு வரி, 9,870 ஒரு வரி. ஹோல்ட் காலாவதியாகி விடுபடச் சில நாள் ஆகும், அதற்குள் மாதக் கடைசி வந்துவிட்டால் இரண்டும் எங்கள் கணக்கு மென்பொருளான டேலிக்குப் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, சார்ஜ் ஸ்லிப்பில் இருக்கும் ஆறு இலக்க அப்ரூவல் கோட். ஹோல்டை வைத்தே பில்லை முடித்திருந்தால் பெரும்பாலும் பழைய கோடே இருக்கும். புதிதாகத் தேய்த்திருந்தால் கோடு வேறு. ஒரே விடுதி, வேறு வேறு கோடு, ஒன்று மட்டும் செட்டில் ஆகியிருக்கிறது என்றால் மற்றது வெறும் ஹோல்ட், விடுதியைக் கூப்பிட்டு விடுவிக்கச் சொல்லலாம். இப்போது செட்டில் ஆன வரிகள் மட்டுமே டேலிக்குப் போகும்படி மாற்றிவிட்டோம். பென்டிங் வரிகள் மேனேஜர் பார்வைக்கு மட்டும்.

பில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கார்டு வந்துவிட்டால் பில் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டேட்மெண்டில் இருக்கும் பதிவு பணம் போனதற்குச் சாட்சி, அவ்வளவுதான். பில்லில் கட்டிய ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்ள, அதாவது ஜிஎஸ்டி வரவு எடுக்க வேண்டுமென்றால் நம் ஜிஎஸ்டி எண் போட்ட வரி பில் வேண்டும், கடைக்காரர் அதைத் தாக்கல் செய்து நமக்குக் கிடைக்கும் வரவுகளைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி-யிலும் வந்திருக்க வேண்டும். அந்தப் பெங்களூர் பில்லில் நம் எண் இருந்தும் வரவு கிடைக்காது. அங்கே போட்டது கர்நாடகத்தின் வரி, எங்களுக்குப் பதிவு தமிழ்நாட்டில் மட்டும்தான். அப்படிப்பட்ட தங்கல்களை முழுத்தொகையும் செலவாக எழுதுங்கள் என்று தனியாகக் குறித்துவைத்தோம்.

பில்லை வரவைக்க நாங்கள் போட்ட விதி இதுதான்: செட்டில் ஆன மூன்று நாளுக்குள் பில்லைப் படம் எடுத்து ஏற்றாவிட்டால் கார்டு தானாக நின்றுவிடும், ஏற்றியதும் திரும்ப ஓடும். எந்த நினைவூட்டல் மெயிலும் செய்யாததை இது செய்தது. ஆனால் விர்ச்சுவல் சந்தாக் கார்டுகளுக்கு இதைப் போடவே போடாதீர்கள், ஒரு ரசீதுக்காகச் சர்வர் நின்றுபோகும் நிலை வரக்கூடாது.

ரொக்கம் முழுவதும் ஒழியவில்லை. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக் கடைகளின் கியூஆருக்குச் செலுத்தலாம், ஆனால் பல ஆட்டோக்காரர்கள் காட்டுவது அவர்களின் சொந்தக் கணக்கின் கியூஆர், அதற்குக் கிரெடிட் கார்டு செல்லாது. அதனால் ஆட்டோ, டீ வகைக்குப் பழைய வவுச்சர் முறை சிறிய அளவில் ஓடுகிறது.

ஒப்பந்தம் போடும் முன் கார்டு நிறுவனத்தாரிடம் ஒரு மாத மாதிரி எக்ஸ்போர்ட் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அப்ரூவல் கோட், மூல நாணயத் தொகை, எம்சிசி, அனுமதித் தேதி, செட்டில்மெண்ட் தேதி ஐந்தும் தனித்தனி நெடுவரிசையில் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த முதல் ஃபைலில் இரண்டு தேதிகளும் ஒன்றாகக் கலந்திருந்தன, கேட்ட பிறகுதான் பிரித்துக் கொடுத்தார்கள்.