ரிஜெக்ட் பண்ண கம்பெனிக்கே திரும்ப அப்ளை பண்ணினப்போ

ரிஜெக்ட் ஆனா வர்ற மெயில்ல ஒண்ணும் இருக்காது, எல்லாருக்கும் அதே நாலு வரிதான். ஹெச்ஆருக்கு ஃபோன் பண்ணி ஃபீட்பேக் கேட்டாலும் "ப்ரொஃபைல் மேட்ச் ஆகலை"ன்னு முடிச்சிடுவாங்க, அவங்களுக்கே அதுக்கு மேல தெரியாது. ஆனா இன்டர்வியூல கேட்ட கேள்விகள் நம்மகிட்ட இருக்கே, அதுதான் உண்மையான ஃபீட்பேக்னு நான் நினைக்கிறேன். அன்னைக்கு சாயங்காலமே உக்காந்து எல்லா கேள்வியையும் வரிசையா எழுதி வெச்சிட்டா, எந்த இடத்துல அவங்க தொடர்ந்து கேட்கிறதை நிறுத்திட்டு வேற டாபிக்குக்குப் போனாங்கன்னு பார்க்கலாம். நம்ம ஆழம் எதுவரைக்கும்னு அவங்க முடிவு பண்ணின இடம் அது.

நான் குவாலிட்டி இன்ஜினியர், அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன மெஷினிங் ஷாப்ல இருந்தேன். அப்ளை பண்ணினது ஒரகடம் பக்கம் இருக்கிற ஒரு பெரிய ஆட்டோ காம்பொனென்ட் கம்பெனிக்கு. முதல் தடவை என் ரெஸ்யூம்ல ஒரு போர், அதாவது பார்ட்ல இருக்கிற துளை, அதோட டயாமீட்டருக்கு சிபிகே 1.67னு இருந்தது, சைஸ் டாலரன்ஸுக்குள்ள எவ்வளவு நல்லா அடங்குதுன்னு காட்டுற நம்பர் அது. பேனல்ல இருந்த சீனியர் அதைப் பார்த்துட்டு, "இந்த ரீடிங்கை எடுத்த கேஜை எப்படி நம்புறீங்க?"ன்னு கேட்டார். கேலிப்ரேஷன் சர்ட்டிஃபிகேட் இருக்கு சார்னு சொன்னேன். "அது கேஜைப் பத்தி சொல்லும், ஆபரேட்டர் கையில அது என்ன பண்ணுதுன்னு எப்படித் தெரியும்?"னு அடுத்த கேள்வி. அளக்குறதுல ஆளுக்கு ஆள், தடவைக்குத் தடவை எவ்வளவு வித்தியாசம் வருதுன்னு பார்க்கிற கேஜ் ஆர் அண்ட் ஆர் ஸ்டடி பண்ணணும் சார், பத்து பார்ட், மூணு ஆபரேட்டர்னு படிச்சதைச் சொன்னேன். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சு சம்பள விஷயத்துக்குப் போயிட்டாங்க.

அப்போ எங்க ஷாப்ல ஒரு தகராறு ஓடிக்கிட்டிருந்தது. ஒரு ஸ்டீல் பார்ட், 25 மில்லி போர், டாலரன்ஸ் மொத்தமே 21 மைக்ரான். நைட் ஷிஃப்ட்ல ஓகேன்னு வெச்ச பார்ட்டை பகல் ஷிஃப்ட் எடுத்து அளந்தா அண்டர்சைஸ்னு சொல்வாங்க, அவங்க ரிஜெக்ட் ட்ரேல போட்டதை இன்னொருத்தர் அளந்தா ஓகேன்னு வரும். எல்லாரும் மெஷினைத்தான் திட்டிக்கிட்டிருந்தோம். அந்த சீனியர் கேட்ட கேள்விக்கு எனக்கு எங்க ஷாப்லயே பதில் இருக்குன்னு அப்புறம்தான் பட்டுச்சு, மேனேஜர்கிட்ட சொல்லிட்டு முறையா ஒரு ஸ்டடி ஆரம்பிச்சேன்.

முறையான்னா என்னன்னு சொல்றேன், ஏன்னா பேப்பர்ல மட்டும் பண்ற ஸ்டடி நிறைய இடத்துல ஓடுது. மெஷின்ல இருந்து தொடர்ந்து வர்ற பத்து பார்ட்டை எடுத்தா அதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே சைஸ்லதான் இருக்கும், கேஜுக்கு வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரியுமான்னே சோதிக்க முடியாது. அதனால வேற வேற நாள், வேற வேற ஷிஃப்ட்ல இருந்து சைஸ் பரவலா இருக்கிற மாதிரி பத்து பார்ட் சேர்த்தேன். நம்பரை ஆபரேட்டர் கண்ணுக்குத் தெரியாத பக்கத்துல போட்டு, ஒவ்வொரு ரவுண்டும் வரிசையை மாத்தி மாத்திக் கொடுத்தேன். மூணு பேர், ஆளுக்கு மூணு தடவை, மொத்தம் 90 ரீடிங். முன்னாடி எடுத்த ரீடிங்கை யாருக்கும் காட்டலை, காட்டினா மனசு அதே நம்பரைத்தான் தேடும்.

ரிசல்ட் டாலரன்ஸ்ல 34 சதவீதம். ஆட்டோ கம்பெனிகள் பின்பற்றுற ஏஐஏஜி மேனுவல்படி 10க்குக் கீழ நல்லது, 10லிருந்து 30 வரைக்கும் வேலையோட முக்கியத்துவம், செலவு பார்த்து ஏத்துக்கலாம், அதுக்கு மேல போனா ஏத்துக்க முடியாது. அதாவது 21 மைக்ரான்ல ஏழு மைக்ரான் அளக்குறதுலயே போயிக்கிட்டிருந்தது. பிரிச்சுப் பார்த்தா ஒரே ஆள் திரும்பத் திரும்ப அளந்த வித்தியாசம் கம்மி, ஆளுக்கு ஆள் வித்தியாசம்தான் பெருசு. பக்கத்துல நின்னு கவனிச்சேன், டயல் போர் கேஜை ஆட்டி மினிமம் பாயின்ட் பிடிக்கிறது ஒவ்வொரு அண்ணனும் ஒவ்வொரு மாதிரி, சைஸ் துல்லியமா தெரிஞ்ச ரிங் மாஸ்டர்ல கேஜை ஸீரோ வைக்கிறதும் ஒருத்தர் ஷிஃப்ட்டுக்கு ஒரு தடவை, இன்னொருத்தர் ட்ரேக்கு ஒரு தடவை. ரிஜெக்ட் ட்ரேயைத் திரும்ப அளந்த கணக்கைக் காட்டினதும் பிளான்ட் ஹெட், காத்தை வெச்சு அளக்குற ஏர் கேஜ் வாங்க ஒத்துக்கிட்டார். திரும்ப ஸ்டடி பண்ணினப்போ 13 சதவீதம்.

ஆனா தகராறு முழுசா தீரலை. இந்த இடம்தான் எனக்கு உண்மையிலேயே கத்துக்கொடுத்தது. ஸ்டடி பண்ணினது இன்ஸ்பெக்ஷன் ரூம்ல, ஆறின பார்ட்டை வெச்சு. லைன்ல நைட் ஷிஃப்ட் ஆட்கள் மெஷின்ல இருந்து எடுத்த சூட்டோட அளக்குறாங்க, பகல்ல வாஷிங் முடிஞ்சு ஆறினப்புறம் அளக்குறாங்க. 25 மில்லி ஸ்டீல் போர், மாஸ்டரை விட பத்து டிகிரி சூடா இருந்தா கிட்டத்தட்ட மூணு மைக்ரான் பெருசா காட்டும். சூட்டுல ஓகே, ஆறினா அண்டர்சைஸ். பார்ட்டும் மாஸ்டரும் ஒரே டேபிள்ல கொஞ்ச நேரம் இருந்து ஒரே சூட்டுக்கு வந்தப்புறம்தான் அளக்கணும்னு வொர்க் இன்ஸ்ட்ரக்ஷன் மாத்தினோம், ஷிஃப்ட் சண்டை அதுக்கப்புறம் அடங்கிடுச்சு.

இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஒரகடத்துக்குத் திரும்ப அப்ளை பண்ணினேன். நிறைய கம்பெனில ஆறு மாசமோ ஒரு வருஷமோ இடைவெளி விடணும்னு ரூல் இருக்கும், அதை முதல்ல ஹெச்ஆர்கிட்ட கேட்டுக்கிறது நல்லது. ஆனா ரூல்படி நாள் முடிஞ்சுதுங்கிறது மட்டும் காரணமா பத்தாது, காட்டுறதுக்குப் புதுசா ஒரு வேலை இருக்கணும். சிலர் வேற மெயில் ஐடி, வேற நம்பர் கொடுத்து புது ஆள் மாதிரி அப்ளை பண்ணச் சொல்வாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பழைய ரெக்கார்ட் சிஸ்டம்ல கிடக்கும், பேர், காலேஜ் வெச்சே கண்டுபிடிச்சிடுவாங்க, அப்போ மறைச்சதுதான் பேச்சாகும். நான் மெயில்ல நேராவே எழுதினேன்: ஏற்கனவே இதே டிபார்ட்மென்ட்ல இன்டர்வியூ முடிச்சிருக்கேன், அதுல மெஷர்மென்ட் சிஸ்டம் பத்திக் கேட்டாங்க, அதுக்கப்புறம் ஒரு போருக்கு ஸ்டடி பண்ணி 34ஐ 13க்குக் கொண்டுவந்திருக்கேன். ரெஸ்யூம்லயும் சிபிகே வரியை எடுத்துட்டு இதைப் போட்டேன், ஏன்னா பழைய கேஜ்ல எடுத்த அந்த 1.67ஐ இனி நானே நம்பலை.

பேனல்ல அதே சீனியர் இருந்தார். "13 சதவீதம்தானே, ஏன் பத்துக்குக் கீழ வரலை?"ன்னு ஆரம்பிச்சார். மீதி வித்தியாசம் பார்ட்டோட போர் ரவுண்டா இல்லாததால வருதுன்னு நினைக்கிறேன் சார், ஒரே இடத்துல மார்க் பண்ணி அளந்தா குறைஞ்சது, முழுசா நிரூபிக்கலைன்னு சொன்னேன். அடுத்து, "ஸ்டடி ரூம்லயா லைன்லயா?"ன்னார். அந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன், சூட்டு விஷயத்தை முழுசா சொன்னேன். அவர் பேப்பரை என் பக்கம் தள்ளி, ரெண்டு ஷிஃப்ட் ரீடிங்கும் எப்படி இருந்ததுன்னு வரையச் சொன்னார். இந்தத் தடவை பேச்சு சம்பளத்துக்குப் போக ரொம்ப நேரமாச்சு, ஆஃபர் அதே மாசம் வந்தது.

ஒண்ணு சொல்லிடணும். அந்த ஸ்டடி ஷீட்டைக் கொண்டுவந்திருக்கீங்களான்னு அவர் கேட்டார், இல்லைன்னேன். அதுல கஸ்டமர் பார்ட் நம்பர், ட்ராயிங் ரெஃபரன்ஸ் எல்லாம் இருந்தது, அது என் சொத்து இல்லை. கையால வரைஞ்சு காட்டுறதுக்குத் தேவையான அளவு எல்லாம் மனசுலயே இருந்தது, பண்ணின ஆளுக்கு அது இருக்கும்னு அவருக்கும் தெரியும், அதுக்கு மேல அவர் கேட்கலை.