பிரெஞ்சு மின்னஞ்சலில் வரும் மொழிபெயர்ப்பு வேலை

ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு வேலை தரும் மின்னஞ்சலில் "6 000 சொற்கள், சொல்லுக்கு 0,10 யூரோ, வெள்ளிக்கிழமைக்குள்" என்று இருந்தால், உடனே சம்மதிக்காதீர்கள். அந்த 6 000 மூலத்தின் சொற்களா, மொழிபெயர்ப்பின் சொற்களா? மூலம் என்றால் 'மோ சூர்ஸ்', மொழிபெயர்ப்பு என்றால் 'மோ சீப்ல்' என்று எழுதுவார்கள். ஆங்கிலம் பிரெஞ்சாகும்போது பெரும்பாலும் 15 முதல் 20 சதவீதம் நீளும். மூலத்தின் 6 000 சொல் மொழிபெயர்ப்பில் ஏறக்குறைய 7 000 ஆனால், மொழிபெயர்ப்பை எண்ணிக் கணக்கிடும்போது 600 யூரோ 700 ஆகிறது. மூலக் கணக்கே எனக்குப் பிடிக்கும். தொகை முதல் நாளே உறுதியாகிவிடும்.

விலைக்குப் பின்னால் HT என்றிருந்தால் வரி சேராத தொகை.

ஒரு நாளைக்கு 2 000 சொல் என்று வைத்தால் இது மூன்று நாள் வேலை, திருத்தத்துக்கு இன்னொரு அரை நாள். ஆகவே வெள்ளி எத்தனை மணி, பாரிஸ் நேரமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நடைக் குறிப்பில் வாசகரை மரியாதையாக 'வூ' என்பதா நெருக்கமாக 'த்யூ' என்பதா என்பதை முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் கேளுங்கள். பாதியில் மாற்றினால் வினைச்சொற்கள் எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும். பிரெஞ்சில் கேள்விக்குறிக்கு முன் இடைவெளி வரும்; அது வரி உடையாத இடைவெளியாக இல்லாவிட்டால், குறி மட்டும் தனியே அடுத்த வரிக்குப் போய்விடலாம்.