கூலி–விலைச் சுழல் வினா வந்தால் நான் எழுதும் விதம்

பேரியல் பொருளாதாரத் தாளில் கூலி–விலைச் சுழல் அடிக்கடி வரும். பெரும்பாலானோர் ஒரு வட்டம் போட்டு, விலை ஏறுகிறது, கூலி ஏறுகிறது, மறுபடி விலை ஏறுகிறது என்று அம்புக்குறி வரைந்து முடித்துவிடுவார்கள். பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். அந்த வட்டம் ஏன் அதே அளவில் சுற்றாமல் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிறது என்பதற்கு அதில் பதில் இல்லை.

நான் முதலில் இரண்டு வரிகளை எழுதிக்கொள்வேன்:

ஊதிய உயர்வு = எதிர்பார்க்கும் விலை உயர்வு + உற்பத்தித்திறன் வளர்ச்சி + கூடுதல் கோரிக்கை

விலை உயர்வு = ஊதிய உயர்வு − உற்பத்தித்திறன் வளர்ச்சி

நிறுவனங்கள் லாப விகிதத்தை மாற்றாமல், கூலிச் செலவு கூடுவதை அப்படியே விலையில் ஏற்றினால் இரண்டாவது வரி பொருந்தும். இந்த அனுமானத்தை விடைத்தாளில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். பிறகு வரம்புகளைப் பேசும்போது இது கைகொடுக்கும்.

இனி எண்களைப் போடுவோம். விலை 4 சதவீதம் ஏறும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், உற்பத்தித்திறன் 2 சதவீதம் வளர்கிறது, கூடுதல் கோரிக்கை ஏதுமில்லை. ஊதியம் 6 சதவீதம் உயரும். அதில் 2 கழிந்து விலை 4 சதவீதம் ஏறும். எதிர்பார்த்ததே நடந்துவிட்டது, அடுத்த ஆண்டும் இதே கதைதான். எதிர்பார்ப்பு ஊதியத்திலும் ஊதியம் விலையிலும் ஏறியும் பணவீக்கம் 4-ஐத் தாண்டவில்லை. எதிர்பார்ப்பு மட்டும் இருந்தால் பணவீக்கம் இருந்த இடத்தில் நிற்குமே தவிர வேகமெடுக்காது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாத விடைகளே அதிகம்.

இப்போது ஆட்கள் கிடைப்பது கடினமாகி, தொழிற்சங்கம் கூடுதலாக 1 சதவீதம் கேட்டு வாங்குகிறது என்று வையுங்கள். ஊதியம் 7, விலை 5. வாங்கிய அந்த 1 சதவீதத்தை விலையேற்றம் தின்றுவிட்டது. மறு ஆண்டு போன ஆண்டின் 5-ஐயே எதிர்பார்த்து, மேலும் 1 கேட்டால் ஊதியம் 8, விலை 6. அதற்கடுத்து 7. தொழிலாளர் கேட்கும் பங்கும் நிறுவனம் விட்டுத்தராத பங்கும் சேர்ந்து மொத்த உற்பத்தியை மிஞ்சுவதால்தான் இப்படி ஏறுகிறது. அந்த இழுபறி தீரும்வரை சுழல் நிற்காது.

மூன்றாவது கட்டம்தான் எனக்குப் பிடித்தது. மக்கள் போன ஆண்டு விலையேற்றத்தைப் பாதியும், மைய வங்கியின் 4 சதவீத இலக்கைப் பாதியும் நம்புகிறார்கள் என்று மாற்றிப் பாருங்கள். அதே 1 சதவீதக் கோரிக்கைக்கு விலை உயர்வு 5, 5.5, 5.75 என்று போய் 6-ஐ நெருங்கி அடங்கிவிடும். முழுக்கப் பின்னோக்கிப் பார்த்தால் ஏறிக்கொண்டே போனது, பாதி நம்பிக்கை வந்ததும் உச்சவரம்பு கண்டுவிடுகிறது. மைய வங்கிகள் எதிர்பார்ப்பை நிலைநிறுத்த இவ்வளவு பாடுபடுவது இதற்காகத்தான்.

இந்த எதிர்பார்ப்பு வாதத்தை 1967, 1968-இல் பெல்ப்ஸும் ஃபிரீட்மனும் தனித்தனியே முன்வைத்தார்கள் என்று ஒரு வரி போதும். வரலாற்று உதாரணத்துக்கு நான் இத்தாலியை எடுப்பேன். அங்கே விலைவாசிக்கு ஏற்ப ஊதியம் தானாகவே உயரும் ஏற்பாடு, 'ஸ்காலா மொபிலே', 1975 ஒப்பந்தத்தில் வலுப்படுத்தப்பட்டது. எண்ணெய் விலை போன்ற வெளி அதிர்ச்சிகூட உடனே கூலியில் ஏறியது. 1984-இல் அரசாணை அதைக் குறைத்தது, 1985 வாக்கெடுப்பில் அந்தக் குறைப்பு தப்பிப் பிழைத்தது, 1992-இல் ஏற்பாடே கைவிடப்பட்டது. பேரம் பேசும் சிரமம்கூட இல்லாமல் நேற்றைய விலை நாளைய கூலியாவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

தரவு கொடுத்து 'இது சுழலா?' என்று கேட்டால் கவனம். ஊதியம் 6, உற்பத்தித்திறன் 2, விலை 8 என்றால் கூலிச் செலவு ஒரு பொருளுக்கு 4 சதவீதம்தான் கூடியிருக்கிறது. மீதி 4-க்குக் காரணம் இறக்குமதிச் செலவோ லாப விகிதமோ. கூலி விலையைத் துரத்திப் பின்தங்கியே நிற்கிறது. மறு ஆண்டு விலை உயர்வு 4-ஆகக் குறைந்து ஊதியம் 7 உயர்ந்தால், பலரும் அவசரப்பட்டுச் சுழல் என்று எழுதுவார்கள். கூலிச் செலவு 5 கூடியும் விலை 4 மட்டுமே ஏறியிருப்பதால், வேறு செலவு எதுவும் குறையாத பட்சத்தில், மீதி 1-ஐ நிறுவனங்கள் தங்கள் லாப விகிதத்தில் தாங்கிக்கொண்டுள்ளன. போன ஆண்டு இழந்த வாங்கும் சக்தியைத் தொழிலாளர் மீட்கிறார்கள், அவ்வளவே. கூலிச் செலவும் விலையும் தொடர்ந்து பல காலாண்டுகள் ஒன்றாக வேகமெடுத்தால் மட்டுமே அந்தப் பெயரை எழுதுவேன்.