பதினோராவது ஸ்லைடு

பேராசிரியர் கேட்டது சாதாரணக் கேள்விதான்: "இதைத் தவிர வேறு ஏதாவது ஆபத்து கண்ணில் பட்டதா?" எங்கள் குழுவில் நான்கு பேர். கேள்வி எல்லோருக்கும் பொதுவானது. அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் பதில் சொல்லத் தொடங்கிவிட்டேன். போட்டி நிறுவனங்கள் விலையைக் குறைக்கலாம் என்றேன். எந்த கேஸ் ஸ்டடிக்கும் பொருந்தக்கூடிய பதில் அது. எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தயாரித்த பதினோராவது ஸ்லைடை முந்தைய இரவு நான் மறைத்து வைத்திருந்தேன். நீக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தேன். இந்த வித்தியாசத்தை அப்போது பெரிதாக நினைத்தேன்.

வேலை பார்த்துக்கொண்டே படித்த மேலாண்மைப் படிப்பு அது. கேஸில் வந்த நிறுவனம் மின்னணுத் தராசு செய்வது. மருந்து ஆலைகளின் கிடங்குகளில் மூலப்பொருளை நிறுக்கும் தராசுகள். சுமார் 500 மருந்து ஆலைகளில் 320 அவர்களுடைய வாடிக்கையாளர்கள். பணத்தின் அசல் மதிப்பை மறைப்பதற்காக எல்லாத் தொகையும் 'அலகு' என்றே கொடுக்கப்பட்டிருந்தது. ஆண்டு விற்பனை 80 அலகு. வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்டது. இரண்டு வழிகளில் ஒன்றை நாங்கள் பரிந்துரைக்க வேண்டும்: இதே தராசை உணவு ஆலைகளுக்கு விற்பது, அல்லது இதே மருந்து ஆலைகளுக்கு ஈரப்பத அளவி என்ற புதிய கருவியை விற்பது. மாதிரியைச் சூடாக்கி, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்து ஈரப்பதத்தைச் சொல்லும் கருவி அது. அதன் அடித்தளத்தில் இருப்பதும் ஒரு தராசுதான். அதனால் நிறுவனத்துக்கு அந்நியமான தொழில் இல்லை.

நான் பல ஆண்டுகள் விற்பனையில் இருந்தவன். புதிய சந்தை என்றதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். என் கணக்கு இப்படிப் போனது. 4,000 உணவு ஆலைகள் இருக்கின்றன. மூன்றாம் ஆண்டில் 3 சதவீதம் பிடித்தால் 120 ஆலைகள். ஆலைக்கு ஆண்டுக்கு 0.15 அலகு என்றால் விற்பனை 18 அலகு. நிறுவனத்தின் வழக்கமான லாப விகிதம் 40 சதவீதம், அதில் 7.2 வருகிறது. ஐந்து விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் பழுதுபார்க்கும் மையங்களுக்கும் 4 போனால் மிச்சம் 3.2. ஈரப்பத அளவிக்குப் போட்ட கணக்கில் மிச்சம் 2.3 தான் வந்தது. 3.2 பெரியது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பதினோராவது ஸ்லைடைத் தயாரித்தவர் முடியவில்லை என்று நினைத்தார். இயந்திரங்களுக்கு விற்பனைக்குப் பிந்தைய சேவை செய்யும் பிரிவில் வேலை பார்ப்பவர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர், அதிகம் பேசாதவர். "சார், அந்த 3 சதவீதம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

"குறைத்துத்தான் போட்டிருக்கிறேன்" என்றேன். "நூற்றில் மூன்று பேர்கூட வாங்க மாட்டார்களா?"

இப்போது யோசித்தால், அது அவர் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை. எண் சிறியதா பெரியதா என்று அவர் கேட்கவில்லை. சிறியதாகத் தோன்றுவதுதான் அந்த எண்ணின் பலமே. பெரிய சந்தையில் சின்னத் துண்டு என்று சொல்லும்போது யாருக்கும் சண்டை போடத் தோன்றாது. ஆனால் அதை ஆட்களாக மாற்றிப் பார்த்தால் முகம் மாறிவிடுகிறது. ஐந்து பிரதிநிதிகள் மூன்று ஆண்டுகளில் 120 ஆலைகளைப் பிடிக்க வேண்டும் என்றால், ஒருவர் ஆண்டுக்கு எட்டுப் புதிய ஆலைகளைப் பிடிக்க வேண்டும். கேஸின் கடைசி இணைப்பில் ஓர் அட்டவணை இருந்தது. அதன்படி, கடந்த ஆண்டு மருந்துத் துறையில் நிறுவனத்தின் எட்டு பிரதிநிதிகளும் சேர்ந்து பிடித்த புதிய ஆலைகள் மொத்தம் ஆறு. நன்கு தெரிந்த துறையிலேயே ஆளுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. பதினோராவது ஸ்லைடின் முதல் பாதி இதுதான்.

என் பக்கத்திலும் நியாயம் இருந்தது, இன்னும் இருக்கிறது. மருந்துத் துறையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆலைகள் ஏற்கெனவே கைக்குள் வந்துவிட்டன. மிச்சம் இருப்பவர்கள் ஏதோ காரணத்தால் வாங்காமலே இருப்பவர்கள். அங்கே ஆறு பேர் கிடைத்ததை வைத்து, யாருமே போய்ப் பார்க்காத துறையில் என்ன கிடைக்கும் என்று அளக்க முடியாது. இதை அவரிடம் அன்றே சொன்னேன். சரிதான் என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகும் ஸ்லைடை எடுக்கச் சொல்லவில்லை.

ஏனென்றால் இரண்டாம் பாதிதான் அவருக்கு முக்கியம். பழுதான இயந்திரங்களைத் திறந்து பார்க்கிறவருக்கு மட்டும் கண்ணில் படுகிற விஷயம். உணவு ஆலையில் வேலை நேரம் முடிந்ததும் எல்லாவற்றையும் வெந்நீரைப் பீய்ச்சியடித்துக் கழுவுவார்கள். மருந்துக் கிடங்கில் துணியால் துடைக்கும் தராசு அந்தத் தண்ணீரைத் தாங்காது. தண்ணீர் புகாத எஃகுக் கூடு வேண்டும், மூடிய இணைப்புகள் வேண்டும். அதனால் தயாரிப்புச் செலவு கால் பங்கு கூடும் என்று கேஸிலேயே ஒரு வரி இருந்தது. எல்லோரும் அதைப் படித்திருந்தோம். 100 ரூபாய்க்கு விற்கும் பொருளின் செலவு 60 ஆக இருந்தது 75 ஆகிறது. லாப விகிதம் 40 இலிருந்து 25 ஆக இறங்குகிறது. 18 அலகு விற்பனையில் 4.5 வரும், அதில் 4 செலவாகிவிடும். மிச்சம் அரை அலகு. 107 ஆலைகள் வாங்கினால்தான் செலவாவது தேறும்.

அதாவது நான் 'புதிய சந்தை' என்று பெயரிட்ட கட்டத்துக்குள் ஒரு புதிய பொருளும் ஒளிந்திருந்தது.

இந்தக் கட்டம் ஒரு நான்கு கட்டப் படத்திலிருந்து வந்தது. அதை முதலில் வரைந்தவர் மேலாண்மை அறிஞர் இகோர் ஆன்சாஃப், 1957 ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில். பொருள் பழையதா புதியதா, சந்தை பழையதா புதியதா என்று பிரித்தால் நான்கு கட்டங்கள் கிடைக்கும். வகுப்பில் இது அரை மணி நேரப் பாடம். படிப்பு முடிந்த பிறகுதான் அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்தேன். அவர் சந்தையை 'யார் வாங்குகிறார்கள்' என்பதை வைத்துப் பிரிக்கவில்லை, 'அந்தப் பொருள் என்ன வேலைக்குப் போகிறது' என்பதை வைத்துப் பிரிக்கிறார். விமான நிறுவனத்தை உதாரணம் காட்டுகிறார்: பயணிகளை ஏற்றிச் செல்வது ஒரு வேலை, வானில் போரிடுவது வேறொரு வேலை. இருக்கும் பொருளைப் புதிய வேலைக்குக் கொண்டுபோகும்போது, பொதுவாக அதில் சில மாற்றங்கள் செய்ய வேண்டியிருக்கும் என்றும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். நாங்கள் படித்த நான்கு கட்டப் படத்தில் அந்தப் போகிற போக்கு இல்லை. படத்தில் கோடுகள் நேராக இருந்தன. மருந்துக் கிடங்கில் ஒரு தராசு நாளைக்குச் சில முறை மிகத் துல்லியமாக நிறுக்கிறது. உணவு ஆலையில் ஈரத்துக்கு நடுவே நிமிடத்துக்குப் பல பொட்டலங்களை நிறுக்க வேண்டும். இரண்டையும் ஒரே வேலை என்று எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னது தராசு என்ற ஒரே பெயரை வைத்துத்தான்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, அவர் சொன்னதுதான் சரி என்று முடித்துவிட்டால் எனக்கும் நிம்மதி. ஆனால் ஈரப்பத அளவியின் கணக்கு இருக்கிறதே. 320 வாடிக்கையாளர்களில் 20 சதவீதம் பேர், அதாவது 64 ஆலைகள் வாங்கும் என்று போட்டவர் அவர். ஆலைக்கு 0.15 வீதம் 9.6 அலகு, அதில் பாதி லாபம், ஆதரவுச் செலவு 2.5 கழிய 2.3. அந்த 20 எங்கிருந்து வந்தது? நம்மை அறிந்த வாடிக்கையாளர்கள்தானே என்ற நம்பிக்கையிலிருந்து. ஆனால் தராசை வாங்குகிறவர் கிடங்கின் பொறுப்பாளர். ஈரப்பத அளவியை வாங்குகிறவர் தர ஆய்வகத்தின் தலைவர். ஒரே வாயிற்கதவு, உள்ளே வேறு மனிதர். மருந்து ஆலையில் சோதனைக் கருவியை மாற்றினால், சோதனை முறை சரியாக வேலை செய்கிறது என்று மறுபடியும் நிரூபித்து ஆவணமாக்க வேண்டும். பழைய கருவி ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தத் தலைவர் எதற்காக அதில் இறங்குவார்? 20 என்பதைப் 10 ஆக்கினால் மிச்சம் பூஜ்யத்துக்கும் சற்றுக் கீழே போய்விடுகிறது. அவருடைய 'பழைய சந்தை'யும் பாதி புதிய சந்தைதான்.

இந்த ஓட்டையை நான் முந்தைய இரவே பார்த்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. வகுப்பில் அவர் பதினோராவது ஸ்லைடைப் பற்றிப் பேச்செடுத்தால் பதிலுக்கு வீசுவதற்காகக் கையில் வைத்திருந்தேன். அவர் பேச்செடுக்கவில்லை.

வாங்காத 180 மருந்து ஆலைகளைப் பற்றி நாங்கள் நால்வரும் ஒரு மணி நேரம்கூடப் பேசவில்லை. கேள்வியில் இரண்டு வழிகள்தான் கொடுத்திருந்தார்கள் என்பது எங்கள் சமாதானம்.

மதிப்பெண் நன்றாகவே வந்தது. படியிறங்கும்போது அவரிடம் "ஸ்லைடைக் காட்டியிருக்கலாம்" என்றேன். "காட்டியிருந்தாலும் நம் முடிவு மாறியிருக்காது, சார்" என்றார். அது ஆறுதலா, குத்தலா? எப்படிப் படித்தாலும் பொருந்துகிறது. 'நம் முடிவு' என்று சொன்னதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

அதன் பிறகு அலுவலகத்தில் யார் சதவீதத்தோடு வந்தாலும் அதை ஆட்களாக மாற்றிக் காட்டச் சொல்கிறேன். போன ஆண்டு ஓர் இளைஞர் புதிய பகுதியில் விற்பனையைத் தொடங்கலாம் என்று திட்டம் கொண்டுவந்தார். ஒரு பிரதிநிதி எத்தனை பேரைப் பிடிப்பார், பொருளில் என்னென்ன மாற வேண்டும், வாங்கும் முடிவை எடுப்பவர் யார் என்று வரிசையாகக் கேட்டேன். யாருமே போய்ப் பார்க்காத இடத்தைப் பற்றி யாரால் பதில் சொல்ல முடியும்? திட்டம் அங்கேயே நின்றுவிட்டது. அந்தச் சேவைப் பொறியாளர் அங்கே இருந்திருந்தால் என் பக்கம் பேசியிருப்பாரா, அந்த இளைஞர் பக்கம் பேசியிருப்பாரா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. நான் கேட்டவை எல்லாம் அவருடைய கேள்விகள்தான். கேட்ட தொனி, ஸ்லைடை மறைத்த இரவில் எனக்கிருந்த தொனி.

கோப்பு இன்னும் என் கணினியில் இருக்கிறது. பத்துக்கு அடுத்து பன்னிரண்டு தெரியும். பதினோராவதை மறுபடி காட்டும்படி மாற்றிவைக்க ஒரு நொடி போதும். ஆனால் இனி அந்தக் கோப்பைப் பார்க்கப்போகிறவன் நான் ஒருவன்தான்.