ராத்திரித் தூக்கத்தைத் தின்ற மூன்று பார்ட் நம்பர்கள்

இரு சக்கர வாகன உதிரி பாகங்கள் விற்கும் ஒருவருடைய கிடங்குக்கு ஸ்கேனர் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பார்ட் நம்பரை ஸ்கேன் செய்தால் ரேக் எண் வரவேண்டும், அவ்வளவுதான் வேலை. மொத்தம் சுமார் 6,000 பார்ட் நம்பர்கள். ஜாவாவின் `HashMap` தாராளமாகப் போதும். ஆனால் எத்தனை நம்பர் ஏறினாலும் தேடல் இரண்டு இடத்தைத் தாண்டக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. அதனால் குயில் ஹேஷிங்கை நானே எழுதினேன்.

பாக் (Pagh), ராட்லர் (Rodler) இருவரும் 2001இல் முன்வைத்த முறை அது. இரண்டு டேபிள், இரண்டு ஹேஷ். ஒவ்வொரு கீயும் முதல் டேபிளில் ஒரு குறிப்பிட்ட இடத்திலோ, இரண்டாவதில் ஒரு குறிப்பிட்ட இடத்திலோதான் இருக்க முடியும். அதனால் தேட அதிகபட்சம் இரண்டு பார்வை. சேர்க்கும்போது அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தால், அவரைக் கிளப்பிவிட்டுப் புதியவர் உட்காருவார். கிளம்பியவர் தன் இன்னொரு இடத்துக்குப் போய் அங்கிருப்பவரைக் கிளப்புவார். ஐரோப்பியக் குயில் குஞ்சு கூட்டிலிருக்கும் மற்ற முட்டைகளைத் தள்ளிவிடுமே, பெயர் அதிலிருந்து வந்தது.

எழுதி முடித்ததும் அழகாக ஓடியது. இரண்டு வாரம் ஒரு புகாரும் இல்லை. பிறகு சப்ளையரிடமிருந்து புதுப் பட்டியல் வந்தது. இரவு ஏற்றினேன். நிரல் அப்படியே நின்றுவிட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை, சிபியுவின் ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில். `jstack` போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் அதே `insert()`.

டேபிள் நிரம்பிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பாதிக்கு மேல் நிரம்பினால் இந்த வகைக் குயில் ஹேஷிங் தடுமாறும் என்பது தெரிந்ததுதான். ஆனால் என்னுடைய இரண்டு டேபிளிலும் சேர்த்து 16,384 இடம். 6,000 பேர் என்றால் 37 சதவீதம்கூட இல்லை. இருந்தாலும் அந்த நேரத்தில் தோன்றியதைச் செய்தேன்: 32 முறை கிளப்பியும் இடம் கிடைக்காவிட்டால் டேபிளை இரட்டிப்பாக்கி எல்லாரையும் மறுபடி ஏற்று. அரை மணி நேர வேலை. ஓடவிட்டால் இரட்டித்துக்கொண்டே போய் `java.lang.OutOfMemoryError: Java heap space` என்று விழுந்தது. ஆறாயிரம் நம்பருக்கு இடம் போதவில்லையாம்!

என் பழைய சீனியருக்கு போன் போட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, டேபிளைப் பாக்காத. கையில எந்தக் கீ மாட்டிக்கிட்டு சுத்துதுன்னு பிரிண்ட் பண்ணிப் பாரு." பார்த்தேன்.

```
L2-AP
KQ-AP
KQ-B1
L2-AP
KQ-AP
KQ-B1
```

மூன்றே பேர், விடியும்வரை சுற்றியிருப்பார்கள். ஏன் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. மூவருக்கும் முதல் டேபிளில் அதே இடம், இரண்டாவதிலும் அதே இடம். பழைய பட்டியலில் இருந்த KQ-AP, L2-AP இரண்டும் ஆளுக்கொரு இடத்தில் நிம்மதியாக இருந்தன. KQ-B1 வந்து L2-APஐக் கிளப்ப, அது போய் KQ-APஐக் கிளப்ப, அது திரும்பி வந்து KQ-B1ஐயே கிளப்ப... ஆறாவது தள்ளலில் எல்லாரும் புறப்பட்ட நிலைக்கே திரும்பிவிட்டார்கள், கையில் மறுபடி KQ-B1. இரண்டு நாற்காலிக்கு மூன்று பேர். எத்தனை முறை எழுப்பி உட்காரவைத்தாலும் ஒருவர் நின்றுதான் ஆகவேண்டும்.

சரி, டேபிளை இரட்டித்தபோதாவது பிரிந்திருக்க வேண்டாமா? என் தப்பு அங்கேதான் இருந்தது. இரண்டு ஹேஷ் என்று பேர்தானே ஒழிய, இரண்டையும் ஒரே `hashCode()` மதிப்பிலிருந்துதான் பிசைந்து எடுத்திருந்தேன். ஜாவாவில் அது ஒவ்வொரு எழுத்துக்கும் முன்மதிப்பை 31ஆல் பெருக்கி அந்த எழுத்தின் எண்ணைக் கூட்டும். KQ என்றால் 75×31+81, அதாவது 2406. L2 என்றால் 76×31+50, அதுவும் 2406. AP-யும் B1-உம் அதேபோல இரண்டும் 2095. பெரிய எழுத்தும் இலக்கமும் கலந்த பார்ட் நம்பர்களில் இது சர்வசாதாரணமாக அமையும். P-க்கும் 1-க்கும் சரியாக 31 வித்தியாசம், Q-க்கும் 2-க்கும் அப்படியே. மூலமதிப்பே ஒன்றாக இருக்கும்போது டேபிளைக் கடல் அளவுக்கு ஆக்கினாலும் மூவரும் சேர்ந்தேதான் போவார்கள். `HashMap` இதைச் சத்தமில்லாமல் சங்கிலியாகக் கோத்து வைத்துக்கொள்ளும், நமக்குத் தெரியவே தெரியாது.

மாற்றியது இதுதான். சரத்தின் எழுத்துகளையே படித்து, டேபிளுக்கு ஒரு விதை:

```java
int h = seed;
for (int i = 0; i < s.length(); i++)
    h = (h ^ s.charAt(i)) * 0x01000193;
return h ^ (h >>> 15);
```

தள்ளல் வரம்பைத் தாண்டினால் டேபிள் அளவைத் தொடாமல் இரண்டு புது விதை எடுத்து மறுபடி ஏற்ற வேண்டும். முதல் விதையிலேயே பட்டியல் முழுதும் ஏறியது.

இடையில் கெட்டிக்காரத்தனம் ஒன்று செய்து மாட்டினேன், நீங்கள் செய்யாதீர்கள். சேர்க்கவந்த கீயே திரும்பக் கைக்கு வந்தால் அது முடிவில்லாச் சுற்று என்று எழுதிவிட்டேன். தப்பு. முன்பு பார்த்த அதே இருவர் உட்கார்ந்திருக்கும்போது, முதல் இடம் மட்டும் அவர்களுடையதாகவும் இரண்டாவது இடம் காலியாகவும் உள்ள ஒருவர் வந்தால், ஒரு சுற்று சுற்றி அவரே கைக்கு வருவார். பிறகு தன் இரண்டாவது இடத்தில் போய் அமைதியாக உட்காருவார். இடங்களைப் புள்ளியாகவும் கீக்களைப் புள்ளிகளை இணைக்கும் கோடாகவும் வரைந்தால், ஒரு தொகுதியில் ஒரு வளையம் இருக்கலாம். கோடுகள் புள்ளிகளைவிட அதிகமானால்தான் வழியே இல்லை. எண்ணி நிறுத்துவதே பத்திரம்.

கடைசியில் குயிலையே தூக்கிவிட்டேன் என்பது வேறு கதை. பட்டியல் ராத்திரி ஒருமுறைதான் மாறுகிறது, பகலில் தேடல் மட்டும்தான். அதற்கு 1984இல் பிரெட்மன், கோம்லோஷ், செமரெடி சொன்ன பர்ஃபெக்ட் ஹேஷிங் போதும். முதல் ஹேஷ் எல்லாரையும் சிறு வாளிகளில் போடும். ஒரு வாளியில் 4 பேர் விழுந்தால் அதற்கு 16 இடமுள்ள தனி டேபிள், மோதல் இல்லாத விதை கிடைக்கும்வரை முயற்சி. நான்கு பேரில் ஆறு ஜோடி, ஒவ்வொன்றும் மோத 16இல் ஒரு வாய்ப்பு. அதனால் பெரும்பாலும் ஒன்றிரண்டு விதையில் முடிந்துவிடும். வர்க்கம் என்றதும் இடம் எகிறும் என்று பயந்தேன். வாளிகளின் எண்ணிக்கை கீக்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருந்தால், சிறு டேபிள்கள் எல்லாம் சேர்ந்து சராசரியாக அதன் இரண்டு மடங்குக்குள்தான் வரும்.

முதல் ஓட்டத்திலேயே அதுவும் தொங்கியது! இந்தத் தடவை அரை நிமிடத்தில் பிடித்தேன்: சப்ளையர் பட்டியலில் ஒரே பார்ட் நம்பர் இரண்டு வரியில். குயிலில் சேர்க்கும் முன் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடியதால் அது வெளியே தெரியவில்லை; இங்கே அந்தச் சோதனையை எழுத மறந்திருந்தேன். ஒரே கீ இரண்டு முறை வந்தால் எந்த விதையும் பிரிக்காது. மூன்று பேர்கூட வேண்டாம், இரண்டே போதும். இப்போது ஏற்றும் முன் இரட்டை வரிகளை நீக்குகிறேன், நூறு விதைக்கு மேல் போனால் அந்த வாளியில் உள்ள கீக்களைப் பிரிண்ட் செய்து நிற்கிறது. கடைசியில் கீயை ஒப்பிட்டுப் பார்க்கும் வரியையும் விட்டுவிடாதீர்கள். பட்டியலில் இல்லாத நம்பரை ஸ்கேன் செய்தாலும் ஏதோ ஓர் இடத்தைக் காட்டும்; ஒப்பிடாத ஒரு சோதனை ஓட்டத்தில், இல்லாத ஒரு பல்புக்கு பிரேக் ஷூ ரேக்கைக் காட்டியது.