கேஸ் ஷீட் போல ஒரு ராஜினாமா

எம்.எஸ்ஸி. நர்சிங் சீட் உறுதியான அன்று எனக்கு நைட் டூட்டி. புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனை, மெடிக்கல் வார்டு, நான்கு வருட சர்வீஸ். விடியற்காலை மூன்று மணிக்கு வார்டு கொஞ்சம் அடங்கியதும் ராஜினாமா எழுத உட்கார்ந்தேன். "மதிப்பிற்குரிய" என்று தொடங்கிய கை அடுத்த வரிக்கு நகரவே இல்லை. நான்கு வருடமாக அந்தக் கை எழுதியதெல்லாம் நர்ஸஸ் நோட்ஸ். சரி, வருவதையே எழுதுவோம் என்று எழுதினேன்.

"பெறுநர்: நர்சிங் சூப்பிரண்ட் மேடம்.

பேஷண்ட்: அடியேன், வயது 26. பெட்: நர்ஸஸ் ஸ்டேஷனில் ஒரு கால் ஆடும் நாற்காலி.

தொந்தரவு: மேல்படிப்பு ஆசை, மூன்று வருடமாக. நைட் டூட்டியில் அதிகமாகும்.

அலர்ஜி: 'சிஸ்டர், ஒரு பேனா கொடுங்க, இப்பவே தந்துடறேன்.'

வைட்டல்ஸ்: டெம்பரேச்சர் நார்மல். பி.பி. ரோஸ்டர் ஒட்டும் நாளில் ஏறும், சம்பள நாளில் இறங்கும்.

இன்டேக்: நைட்டுக்கு மூன்று கிளாஸ் டீ. அவுட்புட்: உட்கார நேரம் கிடைத்தால் குறிக்கப்படும்.

கொடுத்த சிகிச்சை: 'அடுத்த வருஷம் பாத்துக்கலாம்', வருடத்துக்கு ஒரு டோஸ், மொத்தம் மூன்று. பலன் இல்லை. அம்மா 'கல்யாணம்' என்று வேறு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். பேஷண்ட் வாயில் வாங்கிக்கொண்டார், விழுங்கவில்லை.

ஓவர் எடுக்கும் அடுத்த ஷிப்ட் சிஸ்டர் கவனத்துக்கு: 6ஆம் பெட் தாத்தாவும் இதே ரகம்தான். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு 'முழுங்கிட்டேம்மா' என்பார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவும். பி.பி. கஃப் ஒட்டாமல் போனதற்கு பிளாஸ்டர் சுற்றியது நான்தான், மன்னிக்கவும்.

பிளான்: டிஸ்சார்ஜ். நன்றியோடு, கொஞ்சம் அழுகையோடு."

காலையில் ஓவர் கொடுத்துவிட்டு மேடத்தின் மேஜையில் வைத்தேன். ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எங்கள் நோட்ஸை ஆடிட் செய்யும் அதே முகத்தோடு படித்தார். தாத்தாவிடம் வந்தபோது மட்டும் உதடு லேசாக அசைந்தது. அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"என்னம்மா இது? தேதி இல்ல, டைம் இல்ல, சைன் இல்ல. ஸ்டூடண்ட்கூட இப்படி நோட்ஸ் எழுதாது. டிஸ்சார்ஜ்னு போட்டிருக்க, என்னைக்கு டிஸ்சார்ஜ்?"

எழுதாத வேலை செய்யாத வேலை என்பது அவர் எங்களிடம் தினமும் சொல்வது. அதே அடி எனக்கே விழுந்தது. "இத நான் வெச்சுக்கறேன். ஹெச்.ஆருக்கு ஒழுங்கா ஒண்ணு எழுதிக் கொண்டா" என்று சொல்லிக் கடிதத்தை டிராயரில் போட்டுக்கொண்டார்.

எனக்கு அன்று நைட் ஆஃப். கடலூர் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன். நான் கடிதம் கொடுத்தாகிவிட்டது, நாள் ஓடத் தொடங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை ஹெச்.ஆரில் ஒழுங்கான கடிதத்தை நீட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. நோட்டீஸ் நாள் எண்ணுவது நாம் எழுதிய தேதியிலிருந்து அல்ல, அவர்கள் 'பெறப்பட்டது' என்று சீல் குத்திய தேதியிலிருந்து. என் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் 30 நாள். ஆகஸ்ட் 4 முதல் எண்ணினால் செப்டம்பர் 2 வரை வேலை செய்ய வேண்டும். காலேஜில் சேரக் கடைசி நாள் ஆகஸ்ட் 28. ஒன்றாம் தேதியே சீல் விழுந்திருந்தால் இடிப்பது மூன்று நாள்தான். இப்போது ஆறு நாள். என் நகைச்சுவைக்கு வட்டி மூன்று நாள்.

நோட்டீஸ் குறைந்தால் அத்தனை நாள் சம்பளத்தைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் மிச்சமிருக்கும் லீவில் கழிக்க வேண்டும். லீவில் கழிப்பது அவர்கள் சம்மதித்தால்தான். எனக்கு ஒன்பது நாள் லீவு மிச்சம் இருந்தது. மேடம் ஹெச்.ஆருக்குப் போன் செய்து பேச, ஆறு நாளை அதில் கழித்தார்கள். ஆகஸ்ட் 27 கடைசி நாள் என்று முடிவானது. அதைக் கடிதத்திலேயே எழுதி, என் நகலிலும் சீல் வாங்கிக்கொண்டேன். அந்தக் கடிதம் மொத்தம் நான்கு வரி: எதற்காகப் போகிறேன், கடைசி வேலை நாள் எது, எத்தனை நாள் லீவில் கழிகிறது, ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றிதழும் வேண்டும். அதில் ஒரு ஜோக்கும் இல்லை.

அடுத்தது நோ டியூஸ் படிவம். பார்மசி, லைப்ரரி, ஹாஸ்டல், கேன்டீன் எல்லாம் ஒரே மத்தியானத்தில் முடிந்தது. லினன் ஸ்டோர் அண்ணன்தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். "சிஸ்டர், உங்க நைட் ஷிப்ட் கணக்குல ஒரு டிரா ஷீட் குறையுது." ஒரு டிரா ஷீட்டுக்காக என் மேல்படிப்பா! இரண்டு நாள் யோசித்த பிறகு நினைவு வந்தது. ஜூலையில் ஒரு அம்மாவை நடு ராத்திரியில் ஜிப்மருக்கு ரெஃபர் செய்தோம். ஸ்ட்ரெச்சரிலிருந்து ஆம்புலன்ஸுக்கு மாற்றும்போது அவருக்கு அடியில் இருந்த ஷீட் அவரோடே போய்விட்டது. பழைய ஓவர் புக்கைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது: "பேஷண்டுடன் டிரா ஷீட் 1 சென்றது, இரவு 2.10." தேதி, டைம், சைன் எல்லாம் இருந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அனுபவச் சான்றிதழும் ஒரே தடவையில் வரவில்லை. முதலில் தந்ததில் "நான்கு ஆண்டுகள் சிறப்பாகப் பணியாற்றினார்" என்று இருந்தது. வீட்டில் பிரேம் போட்டு மாட்ட நன்றாக இருக்கும், அட்மிஷனுக்கு உதவாது. எம்.எஸ்ஸி.க்கு பி.எஸ்ஸி. முடித்த பிறகு குறைந்தது ஒரு வருட வேலை அனுபவம் வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன பதவி என்று இருந்தால்தான் காலேஜில் அதைக் கணக்குப் பார்க்க முடியும். திருப்பிக் கொடுத்து, சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, ஸ்டாஃப் நர்ஸ், என் நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்டர் நம்பர் எல்லாம் போட்டு வாங்கினேன். இனிஷியலையும் டிகிரி சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்தபோது என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதற்கு ரசீதும் இல்லை. அது சரியில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவற்றைத் திருப்பித் தந்த கவரை வாங்கியதும் கவுன்டரிலேயே பிரித்து எண்ணினேன். பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார், கொட்டட்டும்.

26ஆம் தேதி கடைசி நைட். 27 காலையில் ஓவர் கொடுத்தேன். 6ஆம் பெட்டில் இப்போது வேறு தாத்தா, இவர் மாத்திரையைச் சமர்த்தாக விழுங்குகிறவர். ஆயாம்மா எனக்கென்று சங்கராபரணி ஆற்று இறால் வறுவல் ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார்.

போகும்போது மேடம் டிராயரைத் திறந்து என் முதல் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். வரிக்கு வரி சிவப்பு டிக். அடியில் அவர் கையெழுத்தில்: "டிஸ்சார்ஜ் அனுமதிக்கப்படுகிறது. ரிவ்யூ: இரண்டு வருடம் கழித்து, எம்.எஸ்ஸி. ரிப்போர்ட்டுடன். பி.பி. கஃப் மாற்றப்பட்டது." கீழே சைன், 27.8, காலை 8.40. சுவர்க் கடிகாரத்தில் அப்போது எட்டரைதான் ஆகியிருந்தது. மேடத்தின் வாட்ச் என்றைக்கும் பத்து நிமிடம் வேகம்.